ஸ்மால் கேப்பில் பணம் போடும் முன் சிங்கப்பூர் வெள்ளியில் ஒரு கணக்கு

போன மாதம் தேக்காவில் டீ குடிக்கும்போது துவாஸில் வேலை செய்யும் ஒரு தம்பி தன் போனை நீட்டினார். ஒரு ஸ்மால் கேப் ஃபண்டின் பழைய லாபக் கணக்கு. "அண்ணே, மூணு வருஷத்துல ஊர்ல வீடு கட்டணும், இதுல போட்டுடவா?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஃபண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்தியாவில் பட்டியலான நிறுவனங்களைச் சந்தை மதிப்புப்படி வரிசையாக நிறுத்தினால் முதல் 100 லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251இலிருந்து எல்லாமே ஸ்மால் கேப். இது இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2017இல் வகுத்த விதி. மிட் கேப் ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 65 சதவீதத்தை மிட் கேப்பிலும், ஸ்மால் கேப் ஃபண்ட் அதே அளவை ஸ்மால் கேப்பிலும் வைத்திருக்க வேண்டும். சந்தை விழும் என்று மேனேஜருக்கே தோன்றினாலும் மொத்தமாக வெளியே வர முடியாது.

படி 2: ஏற்றமும் இறக்கமும் எங்கிருந்து வருகின்றன

ஒரு சின்ன நிறுவனம் பங்குக்கு 10 ரூபாய் லாபம் காட்டுகிறது, சந்தை அதற்கு 30 மடங்கு விலை தருகிறது என்று வையுங்கள். விலை 300. தொழில் மந்தமாகி லாபம் 8 ஆகிறது, பயத்தில் சந்தை 15 மடங்குதான் தருகிறது. விலை 120. லாபம் குறைந்தது 20 சதவீதம், உங்கள் பணம் கரைந்தது 60 சதவீதம்! நல்ல காலத்தில் இதே கணக்கு மேல்நோக்கி ஓடும், லாபமும் கூடும், மடங்கும் கூடும். அந்தத் தம்பி போனில் பார்த்தது அதைத்தான். இதோடு இன்னொன்று, சின்னப் பங்குகளை விற்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் வாங்க ஆள் இருக்காது. அதனால்தான் 2024 முதல் இந்த ஃபண்டுகள் தங்கள் முதலீட்டில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று மாதாமாதம் வெளியிடுகின்றன. "ஸ்ட்ரெஸ் டெஸ்ட்" என்று தேடினால் கிடைக்கும். ஒரே வகை ஃபண்டுகளில் ஒன்றுக்கு மட்டும் நாள் மிக அதிகமாக இருந்தால், அது அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

படி 3: வெள்ளியில் கணக்குப் போடுங்கள்

நம்மில் பலர் விட்டுவிடும் இடம் இதுதான். சின்ன நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் பிஎஸ்இ ஸ்மால்கேப் குறியீடு 2018 ஜனவரியில் 20,000ஐத் தொட்டது. 2020 மார்ச்சில் 9,000க்கும் கீழே போனது. மறுபடி 20,000ஐப் பார்க்க 2021 தொடக்கம் வரை ஆனது.

அந்த உச்சியில் ஒருவர் இங்கிருந்து 10,000 வெள்ளி அனுப்பியிருந்தால், அப்போது ஒரு வெள்ளி சுமார் 48 ரூபாய், கையில் 4,80,000 ரூபாய். 2020 மார்ச்சில் அது ஏறக்குறைய 2,16,000. வெள்ளி 52 ரூபாய் என்றால் மிச்சம் 4,150 வெள்ளிதான். 2021 தொடக்கத்தில் ரூபாயில் போட்ட பணம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் அதற்குள் வெள்ளி 55 ரூபாயை எட்டியிருந்தது. ஆக, சுமார் 8,700 வெள்ளி. ஊரில் இருக்கும் அண்ணன் "அசல் வந்துடுச்சு" என்று நிம்மதியாக இருக்க, நமக்கு இன்னும் 1,300 வெள்ளி பள்ளம். (இது குறியீட்டுக் கணக்கு, டிவிடெண்ட் சேர்க்கவில்லை, உங்கள் ஃபண்ட் கொஞ்சம் முன்பின் இருக்கும்.) அதே ஆண்டு முடிவதற்குள் குறியீடு 29,000ஐத் தாண்டியது என்பதும் உண்மை, ஆனால் அதுவரை எத்தனை பேர் விற்காமல் இருந்திருப்பார்கள்?

பணம் ஊரிலேயே செலவாகப் போகிறது என்றால் ரூபாய்க் கணக்கு போதும். இங்கே வீவக வீட்டுக்கோ பிள்ளை படிப்புக்கோ என்றால் வெள்ளியில்தான் பார்க்க வேண்டும்.

படி 4: தேதியை வைத்து முடிவெடுங்கள்

பணம் தேவைப்படும் ஆண்டை எழுதுங்கள். என் அளவுகோல்: மிட் கேப்புக்கு 7 வருடம், ஸ்மால் கேப்புக்கு 10. அதற்குக் குறைவாக இருந்தால் நான் தொடமாட்டேன். 55 சதவீதம் விழுந்த பணம் அசலுக்கு வர 122 சதவீதம் ஏற வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டாமா?

படி 5: மெதுவாக நுழையுங்கள், மெதுவாக வெளியேறுங்கள்

என்ஆர்இ கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரே தொகையாக எஸ்ஐபி போடுங்கள் (கேஒய்சியில் என்ஆர்ஐ என்று மாற்றிவிட்டு, பழைய உள்ளூர்க் கணக்கிலிருந்து வேண்டாம்). 2018இல் எஸ்ஐபி ஆரம்பித்தவர் சரிவு முழுக்க மலிவாக வாங்கிக்கொண்டே வந்ததால், மொத்தமாகப் போட்டவருக்கு முன்பே மேலே வந்துவிட்டார். ஆனால் பத்து வருடம் எஸ்ஐபி போட்டபின் சேர்ந்த தொகை பெரிது, அன்று வரும் சரிவை அந்த மாதத் தவணை தாங்காது. ஆகவே தேவைக்கு இரண்டு வருடம் முன்பிருந்தே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டில் ஒரு பங்கை எடுத்து வைப்பு நிதிக்கு மாற்றுங்கள்.

தம்பிக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது. வீட்டுப் பணத்தை என்ஆர்இ வைப்பு நிதியில் போடச் சொன்னேன். அதற்கு மேல் மிச்சப்படும் 200 வெள்ளியை மட்டும் மிட் கேப்பில் ஆரம்பித்திருக்கிறார், அது அவர் மகளுக்கு. அவளுக்கு இப்போதுதான் நாலு வயது.