நாயகனின் கூட்டாளியை எழுதுவது எப்படி? சாஞ்சோ பான்சாவை வைத்து ஒரு பயிற்சி

நாயகன் கூடவே ஒருவர் வருவார். அவனுக்காக அடி வாங்குவார், நடுநடுவே சிரிக்க வைப்பார், அவன் தடம் மாறினால் "இது சரியில்லப்பா" என்பார். கதை எழுதப் பழகுபவர்கள் பலர் இதை மூன்று ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். விசுவாசத்துக்கு ஒரு நண்பன், சிரிப்புக்கு இன்னொருவன், புத்தி சொல்ல ஒரு தாத்தா. மூவருமே அரைகுறையாக நிற்பார்கள். விசுவாசம், சிரிப்பு, மனசாட்சி மூன்றும் ஒரே ஆளின் ஒரே சுபாவத்திலிருந்து வரும்போதுதான் கூட்டாளி உயிரோடு எழுந்து வருகிறார். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாண்டஸ் எழுதிய 'டான் குவிக்ஸாட்' நாவலில் வரும் சாஞ்சோ பான்சா. முதல் பாகம் 1605இல் வந்தது, இரண்டாம் பாகம் 1615இல். நாவலைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை, தேவையான கதையைச் சொல்லிவிடுகிறேன். வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு வயதான சிறு நிலக்கிழார், தானும் ஒரு மாவீரன் என்று நம்பி, துருப்பிடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவருக்குத் துணையாகக் கழுதை மேல் ஏறிப் போகும் பக்கத்து வீட்டு உழவன்தான் சாஞ்சோ.

படி 1: அவர் இல்லாமல் கதையை ஓட்டிப் பாருங்கள்

செர்வாண்டஸே இந்தச் சோதனையை நமக்காகச் செய்து வைத்திருக்கிறார். டான் குவிக்ஸாட்டின் முதல் பயணத்தில் சாஞ்சோ கிடையாது. கிழவர் தனியாகப் போகிறார், வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், ஒரு சத்திரத்தைக் கோட்டை என்று நினைக்கிறார், அடி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் ஒரே மாதிரியான சிரிப்பு. அவர் கண்ணில் கோட்டையாகத் தெரிவது சத்திரம்தான் என்பதை ஆசிரியரே நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில் சாஞ்சோ சேருகிறான். எட்டாவதில் அந்தப் புகழ்பெற்ற காற்றாலைக் காட்சி. "அதோ பார், அரக்கர்கள்!" என்கிறார் எஜமான். "எந்த அரக்கர்கள்?" என்று கேட்கிறான் சாஞ்சோ. இனி ஆசிரியர் குறுக்கே வந்து விளக்க வேண்டியதில்லை. ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள், கதை அந்த இடைவெளியில் ஓடத் தொடங்குகிறது.

உங்கள் கதையிலும் கூட்டாளி வரும் காட்சி ஒன்றை எடுத்து, அவர் பேசும் வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். காட்சி அப்படியே நின்றால் அவர் அங்கே வேலை எதுவும் செய்யவில்லை என்று பொருள். நம் பழைய படங்களில் தனியாக ஓடும் காமெடி டிராக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்தாலும் கதை மாறாது. தனித்துப் பார்க்க அது நன்றாகவே இருக்கலாம். கூட்டாளிப் பாத்திரத்துக்கு மட்டும் அது போதாது.

படி 2: அவருக்கென்று சொந்தமாக ஓர் ஆசை கொடுங்கள்

சாஞ்சோ நட்புக்காகக் கிளம்பவில்லை. "ஏதாவது ஒரு தீவை ஜெயித்தால் உன்னை அதற்கு ஆளுநர் ஆக்குகிறேன்" என்று எஜமான் வாக்குக் கொடுக்கிறார். பெண்டாட்டி பிள்ளைகளோடு பாடுபடும் ஏழைக்கு அது பெரிய தூண்டில். அந்தத் தீவு ஆசைதான் அவனை வீட்டை விட்டுக் கிளப்புகிறது, அடிபட்ட பிறகும் போக வைக்கிறது, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அவன் பேச்சில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆசை எப்படி இருக்க வேண்டும்? சின்னதாக, கையால் தொடக்கூடியதாக, நாயகனின் இலக்கோடு சில சமயம் ஒத்துப் போவதாகவும் சில சமயம் முட்டிக்கொள்வதாகவும் இருக்கட்டும். "நண்பன் ஜெயிக்க வேண்டும்" என்பது கூட்டாளியின் ஆசை ஆகாது. அதை மட்டும் வைத்து எழுதினால் "நீ சொன்னா சரிதான்" என்று தலையாட்டுகிற ஆள்தான் வருவார்.

படி 3: சிரிப்பை அந்தச் சுபாவத்திலிருந்தே எடுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். முதல் பாகத்தின் இருபதாம் அத்தியாயம், கும்மிருட்டு. காட்டுக்குள் எங்கிருந்தோ தண்ணீர் கொட்டும் ஓசையும், சங்கிலி குலுங்கும் சத்தமும், தாளம் தவறாமல் எதையோ ஓங்கி அடிக்கும் சத்தமும் வருகின்றன. டான் குவிக்ஸாட்டுக்கு உற்சாகம். "மூன்று நாள் காத்திரு, நான் வராவிட்டால் ஊருக்குப் போய்விடு" என்று சொல்லி, தனியாகச் சண்டைக்குக் கிளம்புகிறார். சாஞ்சோவுக்கு இருட்டில் தனியாக நிற்கப் பயம். அழுது கெஞ்சுகிறான், பலிக்கவில்லை. சேணத்தைச் சரிசெய்கிற சாக்கில் தன் கழுதையின் கயிற்றை எடுத்து, குதிரையின் கால்கள் இரண்டையும் கட்டிவிடுகிறான். குதிரை குதிக்கிறதே தவிர நகரவில்லை. "பார்த்தீர்களா, என் கண்ணீருக்கு இரங்கி வானமே குதிரையை நிறுத்திவிட்டது" என்கிறான்.

விடிகிறது. அந்தப் பயங்கரச் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பளித் துணியை அடித்துக் கெட்டிப்படுத்த, தண்ணீர் விசையால் ஏறி இறங்கும் ஆறு மரச்சம்மட்டிகள். எஜமானுக்கு முகம் தொங்கிப்போகிறது. சாஞ்சோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். எஜமானுக்கும் சிரிப்பு வருகிறது. அதோடு நிறுத்தாமல், இரவில் அவர் பேசிய வீர வசனத்தை அவர் குரலிலேயே சாஞ்சோ பேசிக் காட்ட, ஈட்டிக் கம்பால் இரண்டு அடி விழுகிறது.

இதில் சிரிப்பைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறதா பாருங்கள். காலைக் கட்டியது பயத்தில். ஆனால் அதே கட்டு எஜமானை இருட்டில் எங்காவது போய் விழாமல் காப்பாற்றியது. காலையில் அவன் சிரித்த சிரிப்பு, வேறு யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத உண்மை. அவனுக்கு வசனமாக ஒரு ஜோக்கையும் செர்வாண்டஸ் எழுதிக் கொடுக்கவில்லை. பயந்த, தந்திரம் தெரிந்த ஓர் உழவன் அந்த இடத்தில் என்ன செய்வானோ அதைச் செய்ய விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் கூட்டாளியின் நகைச்சுவை வரியை வேறொரு பாத்திரத்தின் வாயில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அது பொருந்தினால், அது ஜோக் மட்டும்தான். எடுத்துவிடலாம்.

படி 4: மனசாட்சி வேலையைச் செய்கையில் காட்டுங்கள்

தொடக்க எழுத்தாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நாயகன் தவறு செய்வான், நண்பன் அரைப் பக்கம் அறிவுரை சொல்வான். வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இரண்டாம் பாகத்தில், வேடிக்கை பார்க்க ஆசைப்பட்ட ஒரு பிரபு சாஞ்சோவை பரட்டாரியா என்ற 'தீவு'க்கு ஆளுநராக்குகிறார். உண்மையில் அது பிரபுவின் கையில் இருந்த ஓர் ஊர். இவன் உளறுவான், பார்த்துச் சிரிக்கலாம் என்பது ஏற்பாடு. சாஞ்சோவோ வரும் வழக்குகளை அசாத்தியமான கூர்மையோடு தீர்த்து வைக்கிறான். ஒரு கிழவர் பத்துப் பொற்காசு கடனைத் திருப்பித் தந்துவிட்டதாகச் சத்தியம் செய்ய வருகிறார். சத்தியம் செய்யும் நேரத்தில் மட்டும் கையிலிருந்த பிரம்பைக் கடன் கொடுத்தவரிடமே பிடிக்கக் கொடுக்கிறார். சாஞ்சோ அதைக் கவனித்துவிடுகிறான். பிரம்பை உடைக்கச் சொல்கிறான், உள்ளே காசு. பிறகு ஒரு இரவு, எதிரி வந்துவிட்டதாக ஒரு போலிச் சண்டையைக் கிளப்பி அவனை மிதித்து நசுக்குகிறார்கள். எழுந்து போய்த் தன் கழுதையைக் கட்டிக்கொண்டு அழுகிறான், பதவி வேண்டாம் என்கிறான். வழிச்செலவுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கழுதைக்குக் கொஞ்சம் பார்லி, தனக்குப் பாதிப் பாலாடைக்கட்டியும் பாதி ரொட்டியும் போதும் என்கிறான்.

எந்தத் தீவுக்காக வீட்டை விட்டு வந்தானோ அதையே விட்டுவிட்டுப் போகிறான். படி 2இல் ஆசையைக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். கையில் கிடைத்த ஆசையை ஒருவர் தானே கீழே வைக்கும்போது அவருடைய நேர்மை வாசகருக்குச் சொல்லாமலே புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாஞ்சோ புனிதன் அல்ல. எஜமானின் கனவுக் காதலி துல்சினியாவிடம் கடிதம் கொடுத்துவிட்டதாக முன்பு பொய் சொன்னவன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, கழுதை மேல் வந்த ஒரு குடியானவப் பெண்ணைக் காட்டி "இவள்தான் இளவரசி" என்று அடித்துச் சொன்னவன். எஜமான் கண்ணுக்கு அன்று குடியானவப் பெண்தான் தெரிகிறாள்! குறையே இல்லாத கூட்டாளியின் வாயிலிருந்து நியாயம் வந்தால் அதற்கு எடை இருக்காது.

படி 5: ஏன் விட்டுப் போகவில்லை?

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். சாஞ்சோவுக்கு எஜமான் பைத்தியம் என்று தெரியும், அதைப் பிரபுவின் மனைவியிடம் வாய்விட்டே சொல்கிறான். பிறகும் ஏன் போகிறாய் என்றால், ஒரே ஊர்க்காரர், அவர் உப்பைத் தின்றிருக்கிறேன், அவர்மேல் பிரியம், சவக்குழி தோண்டும் மண்வெட்டிதான் எங்களைப் பிரிக்கும் என்கிறான். இது நாவலின் தொடக்கத்தில் அவன் சொல்லியிருக்க முடியாத பதில். ஆசைக்காக வந்தவன் பிரியத்துக்காகத் தங்குகிறான். விசுவாசத்தை முதல் பக்கத்திலேயே முழுதாகக் கொடுத்துவிட்டால் இந்த வளர்ச்சிக்கு இடமில்லாமல் போகும்.

இனி நம் கதையில் செய்து பார்ப்போம்

ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து மனு எழுதும் கதிர், அவன் நண்பன் செல்வம். முதல் வரைவில் செல்வம் பைக் ஓட்டுகிறான், டீ வாங்கி வருகிறான், "நீ செய்யி மாப்ள, நான் இருக்கேன்" என்கிறான். வரிகளை அடித்துப் பார்த்தால் கதை நகராமல் அப்படியே இருக்கிறது.

இப்போது ஆசை கொடுப்போம். செல்வம் தவணையில் டிராக்டர் வாங்கியிருக்கிறான். மணல் ஓட்டினால்தான் தவணை கட்ட முடியும். கதிர் ஜெயித்தால் டிராக்டர் போய்விடும். உடனே ஒவ்வொரு காட்சியிலும் இழுபறி வந்துவிடுகிறது. சுபாவம்: எதையும் எண்ணிப் பார்ப்பவன், கணக்கு விடமாட்டான். சிரிப்பு இதிலிருந்தே வரும். கதிர் உணர்ச்சிவசப்பட்டு "இந்த ஊரே நம்ம பின்னாடி நிக்குது" என்றால், இவன் திரும்பிப் பார்த்து, "நாலு பேரு, அதுல ஒருத்தரு பஸ்ஸுக்கு நிக்கறாரு" என்பான்.

அதே கணக்குப் புத்தியே மனசாட்சி ஆகட்டும். மனுவில் கையெழுத்து குறைகிறது. கதிர் சிலவற்றைத் தானே போட்டுவிடுகிறான். செல்வம் தாளைப் புரட்டுகிறான்.

"டேய், இது நம்ம மாரியம்மா ஆயா பேரு."

"ஆமா."

"ஆயா கைநாட்டுதானடா வைக்கும்?"

செல்வம் இதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அடுத்த காட்சியில் அவன் மை டப்பாவோடு ஆயா வீட்டு வாசலில் நிற்கட்டும். தன் டிராக்டரைப் பறிக்கப் போகும் மனுவுக்கு உண்மையான ரேகை வாங்க, அன்றைய நடையை விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

இந்த வரைவை முடித்ததும் இன்னொரு காட்சி எழுதுங்கள். கதிர் அதில் வரக்கூடாது. செல்வம் தவணை வசூலிக்க வந்தவரோடு தனியாகப் பேசுகிறான், ஒரு பக்கம் போதும். நாயகனைப் பற்றிப் பேசாமல் அந்தப் பக்கத்தை அவனால் நிரப்ப முடியவில்லை என்றால் படி 2க்குத் திரும்பிப் போங்கள்.