பணியிடப் பாலியல் தொல்லை: விசாரணை அறிக்கையில் முடிவுகளை எழுதும் முறை

மலேசியாவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்து, விசாரணைக் குழுவின் அறிக்கையை எழுதும் பொறுப்பை ஏற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகாரைப் பெறுவதும் வாக்குமூலம் பதிவு செய்வதும் உங்களுக்குத் தெரிந்தவை. பெரும்பாலான அறிக்கைகள், சாட்சிகள் சொன்னதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, “ஆகவே குற்றம் நிரூபணமாகிறது” என்று ஒரே வரியில் முடிகின்றன. அந்த “ஆகவே”க்கு முன்னால் காரணங்கள் இருக்க வேண்டும்.

1. புகாரைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

மாதிரிக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் தம் சூப்பர்வைசர்மீது புகார் தருகிறார்: இரவில் உடலைப் பற்றி வாட்ஸ்அப் செய்திகள் அனுப்பினார், கேன்டீனில் பலர் முன்னிலையில் ஆபாசமாகப் பேசினார், ஸ்டோரில் இடுப்பைத் தொட்டார். இவை மூன்று குற்றச்சாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், செயல் ஆகியவற்றை எழுதி, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள விளக்கத்தோடு பொருத்திப் பாருங்கள்: விரும்பத்தகாத, பாலியல் தன்மையுள்ள, புண்படுத்தும் அல்லது அவமானப்படுத்தும் நடத்தையா, அது வேலையின் தொடர்பில் நிகழ்ந்ததா?

2. கால வரிசை அட்டவணை

இதற்கு எக்செல்தான் ஏற்றது என்பது என் கருத்து. வேர்டில் போட்டால் இடையில் ஒரு வரி சேர்ப்பதே பெரும்பாடாகிவிடும். நாள், நேரம், நிகழ்ந்தது, எந்தச் சான்று என நான்கு பத்திகள் போதும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். புகார்தாரரின் கைப்பேசியிலேயே உரையாடலை முழுவதுமாகப் பார்த்து, Export chat மூலம் ஒரு பிரதியும் பெறுங்கள். முன்னும் பின்னும் உள்ள செய்திகளில்தான் பொருள் தெளிவாகும்.

3. முடிவுக்கான காரணம்

இங்கே அவசரப்படாதீர்கள். நிறுவன விசாரணைக்கு, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்ற அளவுகோல் போதும். குற்றவியல் வழக்கைப் போல ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை.

முதல் குற்றச்சாட்டில், செய்திகளை அனுப்பியதைச் சூப்பர்வைசர் மறுக்கவில்லை. “விளையாட்டுக்குத்தான், அவரும் ஸ்மைலி போட்டார்” என்கிறார். அதை ஒதுக்காமல், எதிர்கொண்டு எழுதுங்கள்:

“முதல் செய்திக்குப் புகார்தாரர் ஸ்மைலி அனுப்பியது உண்மை. ஆனால் மறுநாளே ‘அண்ணே, வேலை விஷயம் மட்டும் பேசுங்க’ என்று எழுதியுள்ளார். அதன் பிறகும் அதே வகைச் செய்திகள் தொடர்ந்துள்ளன. எனவே, இவை விரும்பத்தகாதவை என்பது அந்த நாள் முதலாவது சூப்பர்வைசருக்குத் தெரிந்திருந்தது. நிரூபணமாகிறது.”

இரண்டாவதில், பக்கத்தில் அமர்ந்திருந்த சக ஊழியர் கேட்டதாகச் சொல்கிறார். நான்கு மேசை தள்ளி இருந்தவர் கேட்கவில்லை என்கிறார். மதிய நேரக் கேன்டீன் இரைச்சலில் இரண்டும் உண்மையாக இருக்கலாம். அதை அறிக்கையிலேயே சொல்லுங்கள். கேட்டவருக்குப் பொய் சொல்லக் காரணம் உண்டா என்றும் ஆராயுங்கள். அன்றிரவு புகார்தாரர் தம் அக்காவுக்கு அனுப்பிய செய்தி, அவர் பேச்சு மாறவில்லை என்பதைக் காட்டும். ஆனால் அது தனிச் சாட்சி ஆகாது. நேரில் கேட்டவரின் நம்பகமான வாக்குமூலம் இருப்பதால் இதுவும் நிரூபணமாகிறது.

மூன்றாவதில், புகார்தாரர் சொன்ன நாளில் சூப்பர்வைசர் விடுப்பில் இருந்ததை வருகைப் பதிவு காட்டுகிறது. புகார்தாரரிடமே அதைக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். நாள் தவறியிருக்கலாம் என்கிறார். வேறு சான்று கிடைக்கவில்லை. அப்படியானால் “நிரூபிக்கப்படவில்லை” என்று எழுதுங்கள், “பொய்” என்று எழுதாதீர்கள். இதைக் காரணம் காட்டி முதல் இரண்டையும் தள்ளுவது தவறு. அவற்றின் சான்றுகள் புகார்தாரரின் நினைவை மட்டும் நம்பி நிற்பவையல்ல.

4. பரிந்துரை

நிரூபணமானவற்றுக்கு மட்டுமே பரிந்துரை. சட்டத்தின் 81சி பிரிவு முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம், பதவியிறக்கம், அதைவிடக் குறைந்த தண்டனை ஆகியவற்றை அனுமதிக்கிறது. சம்பளமில்லா இடைநீக்கம் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. இங்கே, மறுத்த பிறகும் தொடர்ந்ததும் மேலதிகாரி என்ற நிலையும் தண்டனையைக் கூட்டும்; இதற்கு முன் புகார் இல்லாதது குறைக்கும். பதவியிறக்கம் பொருந்தும் என்பேன். பிரிவு மாற்றம் தேவையென்றால் சூப்பர்வைசரை மாற்றுங்கள். புகார்தாரரை மாற்றினால் தண்டனை அவருக்கு என்றாகிவிடும். குழு பரிந்துரைக்கிறது, முடிவெடுப்பது நிர்வாகம் என்பது உங்கள் சொற்களில் தெரிய வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் இரண்டு சிக்கல்களைச் சுட்டினார்கள். விசாரிக்கவே மறுக்கும் முதலாளி, புகார் கிடைத்த 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கடமை தவறினால் அபராதம் 2023 ஜனவரி 1 முதல் 50,000 ரிங்கிட் வரை. அடுத்து, அழிக்கப்பட்ட செய்திகள்: அழித்த தடம் இருந்தால் அதைப் பதிவு செய்து, ஏன் அழித்தார் என்று கேட்டு, பதிலையும் எழுதுங்கள். உள்ளே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து முடிவுக்குள் சேர்க்காதீர்கள்.