மின்னலை எண்ணி மழைமேகத்தின் தூரம் அறிவது எப்படி?

விழுப்புரம் பக்கம் வானம் கறுத்து மின்ன ஆரம்பித்தால், அது புதுச்சேரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று வீட்டுக்குள் இருந்தபடியே கணக்கிடலாம்.

மின்னல் பாயும் பாதையிலுள்ள காற்று கண நேரத்தில் ஏறக்குறைய 30,000 டிகிரிக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. அந்தச் சத்தம்தான் இடி. ஆக, இரண்டும் ஒரே நேரத்தில்தான் பிறக்கின்றன. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் உடனே வந்துவிடுகிறது. ஒலியோ 30 டிகிரி வெயிலில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் நகரும். (331 என்று படித்த ஞாபகம் இருந்தால், அது பூஜ்ஜியம் டிகிரிக்கான கணக்கு. நம் ஊருக்கு ஆகாது.) எனவே 3 நொடிக்கு 1 கிலோமீட்டர்.

மின்னியதும் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். இடியின் முதல் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். வந்த நொடியை 3ஆல் வகுத்தால் கிலோமீட்டர். வாயால் எண்ணுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இடிக்குப் பயந்தால் எண்ணிக்கை தானாக வேகமெடுக்கும். முதல் சத்தம் என்பது முக்கியம். மின்னல் பாதை சில கிலோமீட்டர் நீளம் இருக்கும், அதன் கிட்டத்து முனையின் சத்தம்தான் முதலில் வரும். பின்னால் உருளுவதெல்லாம் தூரத்துப் பகுதிகளிலிருந்து வருவது.

சிக்கல் எங்கே என்றால், எந்த இடி எந்த மின்னலுக்கு உரியது என்பதில். 10 நொடிக்கு ஒருமுறை மின்னும்போது 8 கிலோமீட்டர் தூரத்து இடி வர 24 நொடி ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு மின்னல் வந்துவிடும். கடைசியாக மின்னியதோடு சேர்த்தால் 4 நொடி, ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை என்று தப்பாகக் காட்டும். ஆகவே மின்னல் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், தனியாகப் பளிச்சென்று தரையிறங்கும் ஒன்றைப் பிடியுங்கள். மூன்று முறை அளந்து 24, 23, 25 என்று வந்தால் சரி. 6, 21, 9 என்று தாவினால் ஜோடி மாறியிருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து அதே மாதிரி அளந்தால் 15 நொடி என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோமீட்டர் 5 ஆகிவிட்டது, நம் பக்கம்தான் வருகிறது. ஆனால் உள்ளே போக அதுவரை காத்திருக்கக் கூடாது. 30 நொடிக்குள் இடி கேட்டாலே கடற்கரையோ மொட்டை மாடியோ வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் உள்ளேயே இருங்கள்.

பின்சேர்க்கை: கடலூர்ப் பக்கம் மின்னுகிறது, இடியே கேட்கவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். புதுச்சேரியிலிருந்து கடலூர் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மேலே போகப் போகக் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து, அவ்வளவு தூரத்தில் பெரும்பாலும் நம் தலைக்கு மேலே போய்விடும். ஒரு நிமிடம் தாண்டியும் சத்தம் இல்லையென்றால் வாட்சைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அடுத்த மின்னலைப் பாருங்கள்.