கட்டிலை உயர்த்தியதும் எழுவது எளிதானது

கோத்தகிரி வீட்டில் அம்மாவுக்குப் பக்கவாதத்தால் இடது பக்கம் பலவீனம். இலவம்பஞ்சு மெத்தை உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். அதனால் உட்கார்ந்த நிலையில்தான் உயரம் அளக்க வேண்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 42 செ.மீ.; அமுங்கிய மெத்தையோ 37. கட்டிலின் கால்களுக்கு அடியில் 7 செ.மீ. மரக்கட்டைகள் வைத்தோம். கட்டிலின் கால் நழுவாதபடி ஒவ்வொரு கட்டையிலும் 2 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டியதால், கட்டில் உயர்ந்தது 5 செ.மீ.தான். அதற்கும் மேலே போனால் பாதம் தரையில் பதியாது, முன்னால் சறுக்குவார்கள்.

வலது பக்கமாக இறங்கும்படி கட்டிலைத் திருப்பினோம். குளிருக்கு விரித்த கம்பளத்தை எடுத்துவிட்டோம். ரெட் ஆக்சைடு தரையில் கம்பளிச் சாக்ஸ் வழுக்கும். குதிகால் மூடிய, ரப்பர் அடி வைத்த செருப்புதான் சரி. கழிப்பறை வரை முழங்கால் உயரத்தில் இரவு விளக்கு.