துணிப்பை அச்சுக்கு வண்ணம் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கிரீன் பிரிண்டிங்கிற்குப் புதிதாக வருபவர்கள் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கொண்டுவரும் பிலிம்களைப் பார்க்கும்போது, தொடக்க காலத்தில் நான் போட்டுக் கெடுத்த பிலிம்களே நினைவுக்கு வருகின்றன. பிலிமைத் திருப்பி வைத்துவிடுவது, ஒரு வண்ணத்தை விட்டுவிடுவது போன்ற பிழைகள் முதல் அச்சிலேயே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வண்ணங்களை விளிம்போடு விளிம்பாக வெட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் ஒருவர் மூன்று மைகளில் ஒரு பூ வடிவத்தை எடுத்துவந்தார்: மஞ்சள் இதழ், பச்சை இலை, இரண்டையும் சுற்றி அடர்நீலக் கோடு. கோடு இருக்கும் இடத்தில் மஞ்சளையும் பச்சையையும் துல்லியமாகக் குடைந்து எடுத்திருந்தார். கணினித் திரையில் மிக அழகாக இருந்த அந்த வேலை, பையில் இறங்கியதும் இதழுக்கும் கோட்டுக்கும் நடுவே துணியின் நிறத்தை மெல்லிய கீற்றாகக் காட்டியது. அச்சான பைகளைத் திருத்த வழியில்லாததால் மை, துணி, உழைப்பு மூன்றும் வீணாயின.

துணி காகிதத்தைப் போல அசையாமல் கிடக்காது. மையைத் திரை வழியே தள்ளும் ஸ்குவீஜியை இழுக்கும்போது நெசவு சற்று நகரும். முதல் வண்ணத்தைச் சூடு காட்டி உலர்த்தும்போது பருத்தி ஈரத்தை இழந்து சுருங்கும். தைத்த பையாக இருந்தால் மடிப்பும் தையலும் பலகையில் அதைச் சமமாகப் படிய விடுவதில்லை. கீற்று எங்கே விழுகிறது என்று பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும். எல்லாப் பைகளிலும் ஒரே பக்கம் விழுந்தால் ஒரு திரை நகர்ந்திருக்கிறது. பைக்குப் பை பக்கம் மாறினால் பையைப் பலகையில் வைப்பதில் சீர் இல்லை. நடுவில் சரியாகப் பொருந்தி ஓரத்துக்குப் போகப்போகக் கீற்று அகன்றால் துணி சுருங்கியிருக்கிறது அல்லது பிலிம்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கிறது. இவற்றைக் குறைக்க முடியுமே தவிர முழுவதும் நீக்க முடியாது. ஆகவே அந்த நகர்வுக்கு வண்ணம் பிரிக்கும்போதே இடம் விட வேண்டும்.

முதலில் உங்கள் மேசையின் நகர்வை அளந்துகொள்ளுங்கள். கழிவுப் பைகள் சிலவற்றில் வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டும் ரெஜிஸ்டர் குறிகளை எல்லா வண்ணங்களிலும் அச்சிட்டு, அவை மிக அதிகமாக விலகியிருக்கும் தூரத்தைப் பாருங்கள். அது 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளிர் மையான மஞ்சளைக் கோட்டுக்கு அடியில் குறைந்தது 0.4 மி.மீ. நீட்டினால், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கீற்று தெரியாது. நீட்டிய மஞ்சள் கோட்டின் மறுபுறம் எட்டிப் பார்க்காமலிருக்க அதற்கு அப்பாலும் 0.4 மி.மீ. கோடு மிஞ்ச வேண்டும். எனவே கோட்டின் அகலம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அவர் போட்டிருந்த கோடு 0.5 மி.மீ.; அதில் மஞ்சளை எவ்வளவு நீட்டினாலும் ஒன்று கீற்று விழும், இல்லையேல் மஞ்சள் வெளியே தெரியும். கோட்டைத் தடிப்பாக்குவதைத் தவிர அங்கே வேறு வழி இருக்கவில்லை.

நீட்ட வேண்டியது எப்போதும் வெளிர் மையைத்தான். கண் வடிவத்தை அடர் மையின் விளிம்பை வைத்தே உணர்கிறது. அதை நீட்டினால் கோடு தடித்து, சிறிய எழுத்துகளின் உட்குழிவுகள் அடைபடும்.

Stroke அகலத்தை அப்படியே நம்புவது

மையை நீட்டுவதற்காக வரைகலை மென்பொருளில் வடிவத்தைச் சுற்றி 0.4 மி.மீ. Stroke எனும் விளிம்புக் கோட்டைக் கொடுத்துவிட்டு அவ்வளவும் வெளியே நீண்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது விளிம்பின் நடுவில் அமர்வதால் வெளியே வருவது 0.2 மி.மீ. மட்டுமே. 0.8 கொடுங்கள், அல்லது Offset Path வழியாக 0.4 கொடுங்கள்.

கோடு இல்லாத இடத்திலும் மைகளை மேலேற்றுவது

தண்ணீர் கலந்த மைகளில் பல ஒளி ஊடுருவுபவை. மஞ்சளின்மேல் பச்சை ஏறினால் சற்றே அடர்ந்த பச்சை விளிம்பு வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிவப்பின்மேல் பச்சை ஏறினால் அழுக்குப் பழுப்பில் ஒரு மூன்றாம் கோடு உருவாகும். அத்தகைய வண்ணங்களுக்கு நடுவே வேண்டுமென்றே துணியைத் தெரியவிடுவது நல்லது. ஆனால் அந்த இடைவெளியைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். 0.5 மி.மீ. விட்டால், 0.4 நகர்வில் ஒருபுறம் ஏறக்குறைய மூடிக்கொண்டு மறுபுறம் 0.9 ஆகும்; பார்ப்பவர் அதைப் பிழை என்றே எண்ணுவார். 1.5 மி.மீ. விட்டால், அதே நகர்வில் அது 1.1க்கும் 1.9க்கும் இடையே ஊசலாடும். அது வடிவமைப்பின் பகுதியாகவே தோன்றும்.

கறுப்பு எழுத்துக்காக அடிவண்ணத்தைக் குடைவது

வேண்டாம், கறுப்பைக் கடைசியில் மேலேயே அச்சிடுங்கள்.

நீட்டல் கொடுத்த பின் அளவை மாற்றுவது

சிறிய பைக்காக வடிவத்தை 80 விழுக்காடாகச் சுருக்கினால் 0.4 மி.மீ. நீட்டல் 0.32 ஆகிவிடும், மேசையின் நகர்வோ 0.4 மி.மீ.யாகவே இருக்கும். அளவை முடிவுசெய்த பிறகே நீட்டலைக் கொடுங்கள்.