முன்னூற்றி நாலில் வரும் சண்டை: துரும்பை எப்போது திறப்பது?

வன்னியில் செத்தவீட்டுப் பந்தலுக்குள் இரவு பத்து மணிக்கு விளையாட்டுக் கடுதாசி இறங்கினால் அநேகமாக முன்னூற்றி நாலு ஆட்டம்தான். ஊர்க்காரர் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்து மச்சான் ஒருவரும், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து திரும்பி வந்த தம்பி ஒருவரும் பாயில் குந்திவிட்டால் மூன்றாவது பிடிக்குள்ளேயே சத்தம் கேட்கும்.

பெரிய பிழை, "எப்படி விளையாடுவியள்?" என்று பொதுவாகக் கேட்பது. "எல்லாரும் விளையாடுற மாதிரித்தான்" என்பார்கள், பிறகு ஆளுக்கொரு மாதிரி போடுவார்கள். கேட்க வேண்டியது இதுதான்: இறக்கிய இனம் கையில் இல்லாதவர் என்ன செய்வார்?

இங்கே பழகிய முறையில், அவர் ஒரு கடுதாசியைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு சொன்னவர் அதை எடுத்துப் பார்ப்பார், துரும்பென்றால் வெட்டு, அப்போதுதான் மூடிவைத்த துரும்பு திறபடும், இல்லையென்றால் போட்ட கடுதாசி அப்படியே கவிழ்ந்தே கிடக்கும். இருபத்தெட்டு என்ற ஆட்டம் விளையாடிப் பழகியவரோ "துரும்பைத் திறவுங்கோ" என்று கேட்டு, பார்த்த பிறகுதான் கடுதாசி போடுவார். முதலாமவர் குருட்டுவாக்கில் போடுகிறார், இரண்டாமவருக்கு எல்லாம் தெரியும். துரும்பு நெடுநேரம் மறைந்திருக்கும் என்று நம்பி 180 புள்ளி பிடிப்பேன் என்று கேட்டவர், முதல் பிடியிலேயே அது திறபட்டால் நட்டப்படுவார். ஆகவே இப்படிப் புள்ளி கேட்கிற கேள்வி தொடங்க முதலே இதை முடிவுசெய்ய வேண்டும், கேள்வி முடிந்த பிறகு மாற்றக்கூடாது. நடுவில்தான் தெரியவந்ததா? அந்தக் கையைக் கலைத்து, அதே ஆளே திரும்பப் பிரிக்கட்டும், ஒருவருக்கும் புள்ளி வேண்டாம். யார் குரல் பெரிதோ அவர் முறைப்படி ஆடி முடிப்பதைவிட அது மேல்.

அடுத்த பிழை எண்ணிக்கையில் வரும். முன்னூற்றி நாலில் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, ஒரு இனத்துக்கு 76. இருபத்தெட்டில் கிங்குக்கும் குயினுக்கும் புள்ளியே இல்லை, அதனால் அந்தப் பழக்கக்காரர் அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணுவார். ஒருநாள் 170 கேட்ட பக்கம் மூன்று ஜாக், ஒரு ஒன்பது, இரண்டு ஏஸ், இரண்டு பத்து பிடித்திருந்தது. "152, தோல்வி" என்று சொல்லிக் கடுதாசியைக் கலைக்கப் போனார்கள். நல்ல காலம், பக்கத்தில் இருந்த பெரியப்பா தடுத்தார். நாலு கிங் 12, மூன்று குயின் 6. சரியாக 170, வெற்றி. மற்றப் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள் என்றார்: ஒரு ஜாக், மூன்று ஒன்பது, இரண்டு ஏஸ், இரண்டு பத்து, ஒரு குயின், 134. இரண்டையும் கூட்டினால் 304. இரண்டு பக்கமும் எண்ணி முடியும்வரை கடுதாசியைக் கலக்க விடாதீர்கள்.

ஆகக் குறைந்த கேள்வி 160தானா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். இணையத்தில் தேடிக் காட்டி வெல்லப் பார்க்க வேண்டாம், அங்கே இருப்பதும் யாரோ ஒரு வீட்டு முறைதான், செத்தவீட்டுப் பந்தலில் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.