பெரிய கேம் டிஸ்கை அடைக்கிறதா? எதில் டிக் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

டிஸ்கில் இடம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் மொழியைத்தான் தேடுகிறார்கள். ஜெர்மன், பிரெஞ்சு குரல்களை எல்லாம் நீக்கினால் பாதி இடம் மிஞ்சும் என்ற நினைப்பு. ஸ்டீமில் மொழிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் கேம் என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த மொழி மட்டும்தான் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதில் நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. பிரிக்காத கேமில் எல்லா மொழியும் ஒன்றாகவே வரும், அங்கே மொழியை மாற்றினாலும் இடம் குறையாது. எது என்று தெரிய வேண்டுமா? Properties-இல் மொழியை மாற்றிப் பாருங்கள். உடனே புதிதாக ஏதாவது டவுன்லோட் ஆனால் அது பிரித்து வைத்த கேம்.

உண்மையில் இடத்தைத் தின்பது பெரும்பாலும், காட்சிகளைக் கூர்மையாகக் காட்டத் தனியாக வரும் ஹை ரெசல்யூஷன் டெக்ஸ்சர் பேக்தான். ஃபால்அவுட் 4 நல்ல உதாரணம். 2015-இல் வந்தபோது அந்த கேமுக்கு 30 ஜிபி இடம் வேண்டும் என்றார்கள். 2017 பிப்ரவரியில் இலவசமாக வந்த டெக்ஸ்சர் பேக் மட்டுமே 58 ஜிபி! அதற்கு கேமைத் தயாரித்தவர்கள் பரிந்துரைத்த கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1080. என் தம்பியின் லேப்டாப்பில் 4 ஜிபி கார்டு, 1080பி திரை, மொத்தமே 256 ஜிபி எஸ்எஸ்டி. இலவசம்தானே என்று அதையும் சேர்த்துவிட்டு, கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, டிஸ்கும் நிரம்பிவிட்டது என்று வந்து நின்றான்.

முதலில் அவன் செய்தது கேமுக்குள் போய் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தது. அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும், டிஸ்கில் இருக்கும் ஃபைல்கள் அப்படியே கிடக்கும். அப்புறம் Data ஃபோல்டருக்குள் போய் `DLCUltraHighResolution` என்று தொடங்கும் ஃபைல்களைக் கையால் அழித்தான். இடம் கிடைத்தது, ஆனால் ஸ்டீமைப் பொறுத்தவரை அந்த பேக் இன்னும் தேர்வில்தான் இருக்கிறது, அதனால் பிறகு ஏதோ சிக்கலுக்காக ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னதும் காணாமல் போன அத்தனையையும் திரும்ப இறக்க ஆரம்பித்துவிட்டது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 58 ஜிபி, யோசித்துப் பாருங்கள்.

சரியான வழி இதுதான்: லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் செய்து Properties, அதில் DLC, அங்கே டெக்ஸ்சர் பேக்கின் டிக்கை எடுங்கள். ஸ்டீமே ஃபைல்களை நீக்கிவிடும், திரும்பவும் இறக்காது. Installed Files பக்கத்தில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே பட்டியலில் ஃபார் ஹார்பர் மாதிரி கதை சேர்க்கும் டிஎல்சிகளும் இருக்கும். அவற்றில் விளையாடி சேவ் செய்திருந்தால் டிக்கைத் தொடாதீர்கள், அந்த சேவுக்கு வேண்டிய பகுதி இல்லை என்று கேம் எச்சரிக்கும். விளையாடி முடித்து, அந்த சேவ் இனி வேண்டாம் என்று தெரிந்த பிறகு தாராளமாக எடுக்கலாம்.